மெர்க்யூஷியோவின் சிலேடைக்குத் தமிழில் எதை வைப்பது?

ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தில், மூன்றாம் அங்கத்தின் முதற்காட்சியில், மெர்க்யூஷியோ என்ற இளைஞன் வெரோனா நகரத்தில் நடக்கும் வாள்சண்டையில் குத்துப்படுகிறான். வாயாடி அவன், எதையும் வேடிக்கையாக்கிப் பேசுபவன். அதனால் அவனுக்கு நேர்ந்ததை நண்பர்கள் உடனே உணர்வதில்லை. அடிபட்டதா என்று கேட்டால் வெறும் சிராய்ப்புதான் என்கிறான். தைரியமாக இரு, காயம் பெரிதாக இருக்காது என்று ரோமியோ சொல்கிறான். அதற்கு மெர்க்யூஷியோ, காயம் கிணற்றளவு ஆழமில்லை, தேவாலயக் கதவளவு அகலமில்லை, ஆனாலும் இது போதும் என்று சொல்லிவிட்டு, நாளை வந்து என்னை விசாரித்துப் பார், நான் ஒரு 'கிரேவ்' மனிதனாக இருப்பேன் என்கிறான். ஆங்கிலத்தில் அந்தச் சொல் பண்பைக் குறிக்கும்போது விளையாட்டுத்தனம் இல்லாதவன், முகம் இறுகியவன் என்று பொருள் தரும். பெயராக நிற்கும்போது சவக்குழி. இரண்டும் வேர் வேறான சொற்கள். ஒன்று பழைய ஆங்கிலத்திலிருந்தும் மற்றது லத்தீனிலிருந்தும் வந்து, ஒலியில் தற்செயலாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்தவை. அந்தத் தற்செயல் தமிழில் கிடையாது. ஆகவே இந்த ஒற்றைச் சொல்லுக்கு எதை வைப்பது என்று மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தாக வேண்டும்.

பெல்ஜிய ஆய்வாளர் டிர்க் டெலாபஸ்டிட்டா, ஷேக்ஸ்பியரின் சிலேடைகள் மொழிபெயர்க்கப்பட்ட விதத்தை ஆராய்ந்து, 1993இல் வெளிவந்த தம் நூலில் இதற்கான வழிகளைப் பட்டியலிட்டார். பட்டியல் நீளமானது. ஆனால் ஒரு சொல்லில் அடங்கிய குறுஞ்சிலேடைக்கு நடைமுறையில் நான்கு வழிகளே மிஞ்சுகின்றன: அடிக்குறிப்பு, சிலேடையை விட்டுப் பொருளை மட்டும் சொல்லுதல், சிலேடைக்குப் பதில் வேறோர் உத்தி, தமிழிலேயே புதிய சிலேடை. இவற்றை ஒப்பிடுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. சிலேடையின் இரண்டு பொருள்களில் எது கதையோடு கட்டுண்டது, எது அந்த நேரத்து வசதிக்காக வந்தது? மெர்க்யூஷியோவின் சொல்லில் சாவு கட்டுண்ட பொருள். அவன் சாகப்போகிறான், அந்தச் சாவுதான் ரோமியோவைக் கொலைகாரனாக்குகிறது. 'விளையாட்டில்லாதவன்' என்பதோ ஓரளவு நெகிழக்கூடியது. அது மெர்க்யூஷியோவின் இயல்புக்கு நேரெதிரான ஒரு குணமாக இருந்தால் போதும். இதே குணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கட்டுண்ட பொருளைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தளர்த்தலாம் என்று தெரிந்துவிட்டால் தேடவேண்டிய பரப்பு மிகவும் குறைந்துவிடும்.

அடிக்குறிப்பு மிக நேர்மையான வழி என்று பலரும் கருதுகிறார்கள். வரியை நேர்பொருளில் பெயர்த்து, கீழே, மூலத்தில் இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்று எழுதிவிடலாம். ஆங்கில மூலம் எதிர்ப்பக்கத்தில் அச்சாகியிருக்கும் பாடப்பதிப்பில் இது சரியே. அங்கே வாசகர் தேடுவது நாடக அனுபவத்தை அன்று, மூலத்தின் நுட்பத்தை. மேடையில் அடிக்குறிப்புக்கு இடமே இல்லை. தொடர்ந்து வாசிக்கும் பதிப்பிலும் ஒரு கேடு நேர்கிறது. வாசகர் குறிப்புக்குப் போய்த் திரும்பி வரும் அந்தக் கணத்தில், குருதி வழிந்துகொண்டிருக்கும் ஒருவன் நகைத்துப் பேசுகிறான் என்ற காட்சி அறுந்துபோகிறது. நகைச்சுவை அங்கே விளக்கமாகக் கிடைக்கிறது, நிகழ்வதில்லை.

பொருளை மட்டும் சொல்லுவது இரண்டாவது வழி. 'நாளை என்னைக் கல்லறையில்தான் காண்பாய்' என்று எழுதினால் தமிழ் சுத்தமாக இருக்கிறது, தவறும் இல்லை. ஆனால் இந்தக் காட்சியில் இது நாடகத்தையே குலைத்துவிடும். மூலத்தில் சிலேடையின் வேலை, பார்வையாளருக்குச் செய்தியைக் கொடுத்து ரோமியோவுக்குக் கொடுக்காமல் வைப்பது. மேற்பரப்பில் அது இன்னொரு வேடிக்கைப் பேச்சு. கூர்ந்து கேட்பவருக்கு அது மரண அறிவிப்பு. கல்லறை என்று வெளிப்படையாகச் சொன்ன பின்னும் ரோமியோ அதன் கனத்தை உணராமல் நிற்பான் என்றால், அவன் மந்தமானவனாகத் தெரிவான். சிலேடையை விட்டுவிடலாம், நகைச்சுவைதானே போகிறது என்று எண்ணுபவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். இங்கே போவது நகைச்சுவை மட்டுமன்று.

அதனால்தான் மூன்றாவது வழியை நான் இரண்டாவதைவிட மேலாக மதிக்கிறேன். சொல் இரட்டிக்காவிட்டாலும் வாக்கியம் மறைமுகமாக இருக்கலாம். 'நாளைக்கு வந்து என்னிடம் பேச்சுக் கொடுத்துப் பார். ஒரு சொல் அதிகமாகப் பேசமாட்டேன்.' இதில் சிலேடை இல்லை. ஆனால் வாயாடியின் வாயில் இது வேடிக்கை, சாகிறவன் வாயில் வேறு. கேட்பவர் இரண்டையும் சேர்த்து உணர்வார், ரோமியோ முதலாவதை மட்டும் கேட்டிருக்கலாம். மூலத்தின் வேலை பெரும்பாலும் நடந்துவிடுகிறது. நல்ல தமிழ்ச் சிலேடை அகப்படாத இடங்களில் முதலில் நாடவேண்டிய புகலிடம் இதுவே. எதுகையையும் மோனையையும் கொண்டு ஈடுசெய்வதும் இந்த வகைதான் என்றாலும், ஓசைநயம் செய்தியை மறைத்து வைக்காது. எனவே இந்த வரிக்கு அது பயன்படாது.

நான்காவது வழிக்குச் சற்று விரிவாகப் போக வேண்டும். சாவைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் குணத்தைக் குறிக்கும் இன்னொரு பொருள் உண்டா என்று பார்ப்பதே முறை. கல்லறை, சவம், குழி ஆகியவற்றுக்கு அப்படி ஒன்றும் இல்லை. 'அமரர்' என்பதற்குத் தேவர் என்றும் மறைந்தவர் என்றும் இரு பொருள் உண்டு. ஆனால் தேவரைப் போல இருப்பேன் என்று மெர்க்யூஷியோ சொல்வதில் இயல்புக்கு மாறான குணம் எதுவும் தெரியவில்லை. 'சமாதி' உண்மையிலேயே கவர்ச்சியானது. தியானத்தில் ஆழ்ந்த நிலையும் அதுதான், புதைத்த இடமும் அதுதான். ஓயாது பேசுபவன் நாளை சமாதி நிலையில் இருப்பேன் என்றால் சிரிப்பும் வரும், உறைக்கவும் செய்யும். நான் அதைத் தள்ளுவதற்குக் காரணம் வெரோனா. அது கத்தோலிக்க நகரம். பாதிரியாரின் அறையும் தேவாலயமும் குடும்பக் கல்லறை மண்டபமும் கதையைத் தாங்கும் இடங்கள். அங்கே ஓர் இளைஞன் வாயில் யோகியின் சொல் வந்தால், பார்வையாளர் ஒரு நொடி வேறொரு நிலத்துக்குப் போய்விடுவார்.

மிஞ்சுவது 'அடக்கம்'. பணிவு, தன்னைக் கட்டுக்குள் வைத்திருத்தல் என்பது ஒரு பொருள். உடலைப் புதைத்தல் மற்றது. தமிழ்க் கிறித்தவர்கள் நல்லடக்க ஆராதனை என்றும், தமிழ் முஸ்லிம்கள் இன்னார் இங்கே அடக்கமாகியிருக்கிறார் என்றும் இன்றும் சொல்லிவருவதால், புதைக்கும் வழக்கமுள்ள சமூகத்தின் சொல்லாகவே அது ஒலிக்கிறது, வெரோனாவுக்குப் பொருந்துகிறது. அடக்கமே இல்லாத மெர்க்யூஷியோவுக்கு அந்தக் குணம் நேரெதிரானது என்பதால் முரணும் கூர்மையாக விழுகிறது. சொல்லப்போனால், அவன் இயல்போடு மோதும் விதத்தில் மூலச்சொல்லைவிட இது ஒரு படி நெருக்கமானது.

சொல் கிடைத்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை; எந்த வடிவில் அதை வைப்பது என்பதில்தான் சிலேடை வாழ்வதும் சாவதும். 'நாளை வந்து விசாரித்துப் பார்; நான் அடக்கமாகிவிட்டேன் என்பார்கள்' என்று எழுதினால், 'ஆகிவிட்டேன்' என்ற முடிவு கேட்பவரை முதலில் புதைகுழிக்கே கொண்டுபோகிறது; பணிவு என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. மூலத்தில் வரிசை இதற்குத் தலைகீழ். 'நாளை வந்து என்னை விசாரித்துப் பார். அடக்கமான மனிதனாக இருப்பேன்' என்றால் முதலில் குணம் தெரிகிறது, காயத்தை நினைத்ததும் மண் தெரிகிறது. 'அடக்கமான' என்பதைப் பண்புச்சொல்லாகவும் கொள்ளலாம், அடக்கம் ஆகிப்போன என்று பிரித்து வினையாகவும் கொள்ளலாம். இலக்கணம் இரண்டுக்கும் இடம்தருகிறது. இந்த இரண்டாவது வடிவத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.

இதற்கு இரண்டு மறுப்புகள் சொல்லப்படலாம். ஆங்கிலத்தில் தொடர்பற்ற இரு சொற்கள் மோதுகின்றன, தமிழில் இரு பொருளும் 'அடங்கு' என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை, எனவே மோதல் மென்மையாகிவிடுகிறது என்பது ஒன்று. அது உண்மை, சிரிப்பு சற்றுக் குறைகிறது, ஆனால் இறந்துகொண்டிருப்பவன் பேச்சில் அந்தக் குறைவை ஏற்கலாம் என்று நினைக்கிறேன். மற்றது, தமிழ்க் காதில் 'அடக்கம்' என்றதும் அடக்கமுடைமை அதிகாரம் எழுந்துவிடும் என்பது. இதைப் பயன்படுத்திக்கொள்ளும் ஆசையும் வரும். 'அடக்கம் அமரருள் உய்க்கும்' என்ற குறளின் தொடக்கத்தில் அடக்கமும் அமரரும் அருகருகே நிற்பதால், அதை அப்படியே மெர்க்யூஷியோ வாயில் போட்டால் இரட்டைச் சிலேடை ஆகிவிடும். அதைச் செய்யக்கூடாது. அரங்கம் கைதட்டும், ஆனால் அந்தக் கைதட்டல் வள்ளுவரின் சொல் எதிர்பாராத இடத்தில் வந்ததற்காக இருக்கும். சாகிறவனை எல்லாரும் மறந்திருப்பார்கள். குறளின் நிழல் தானாக விழுந்தால் விழட்டும், நாம் விளக்குப் பிடிக்க வேண்டியதில்லை.

மெர்க்யூஷியோவின் வரியில் ஒரு சலுகை இருந்தது: அந்தச் சிலேடைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. உடன் இருப்பவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு திருப்பிப் பேசினால் விடுதலை குறைகிறது. இதற்கு, லூயிஸ் கரோல் 1865இல் வெளியிட்ட ஆலிஸ் கதையில் வரும் எலியைக் காட்டலாம். தன்னுடையது நீண்ட, சோகமான 'டேல்' என்கிறது எலி. அந்த ஒலிக்குக் கதை என்றும் வால் என்றும் பொருள். ஆலிஸ் எலியின் வாலைப் பார்த்து, நீளம்தான், ஆனால் ஏன் சோகம் என்கிறீர்கள் என்று கேட்கிறாள். அதன்பின் எலி சொல்லும் பாட்டு, பக்கத்தில் வால்போல நெளிந்து நெளிந்து அச்சாகியிருக்கிறது. ஆகவே வால் இங்கே அசைக்க முடியாதது; ஆலிஸின் பதிலும் அச்சடித்த வடிவமும் அதைக் கட்டிப்போட்டுவிட்டன. மூன்றாவது வழி இங்கே செல்லாது. சிலேடை இல்லாவிட்டால் ஆலிஸின் கேள்வி காரணமில்லாமல் நிற்கும். அடிக்குறிப்போ குழந்தைகள் நூலில் வீண்.

தமிழில் 'கதை' என்பதற்கு பீமன் ஏந்தும் ஆயுதம் என்ற பொருள் உண்டு. மொழிபெயர்ப்பவருக்கு உடனே தோன்றுவது அதுதான். ஆனால் அது கட்டுண்ட பொருளை விட்டு நெகிழும் பொருளைப் பிடித்துக்கொண்டதன் விளைவு, வால் போய்விடுகிறது. வாலிலிருந்து தொடங்கினால் 'வாழ்வு' வருகிறது. 'என் வாழ்வு நீண்டது, சோகமானது' என்று எலி சொல்ல, 'வாலு நீளம்தான்' என்று ஆலிஸ் சொல்லலாம். இரண்டும் வழக்கிலுள்ள சொற்கள், ஒலியும் நெருக்கம். குறை வேறிடத்தில் இருக்கிறது. நீண்ட வாழ்வு என்பது தமிழில் வாழ்த்து. அதைச் சோகம் என்றால் ஆலிஸ் கேட்பதற்கு முன்பே வாசகர் குழம்புவார், புதிர் தவறான இடத்தில் விழும். 'வரலாறு' இதைவிட நன்றாக அமைகிறது. 'என் வரலாறு நீளமானது, சோகமானது' என்று எலி பெருமூச்சு விட, ஆலிஸ் அதை 'வாலாறு' என்று காதில் வாங்கி, 'வாலா? நீளமாகத்தான் இருக்கிறது, அதில் என்ன சோகம்?' என்று கேட்கலாம். எலி சொல்லப்போவது தன் பழைய பகையின் கதை என்பதால் வரலாறு என்ற சொல் இயல்பாக நிற்கிறது, பாட்டும் ஓர் ஆறுபோல நெளிந்து ஓடலாம். 'வாலாறு' என்று ஒரு சொல் இல்லை என்பதுதான் இதன் விலை. அதை எலியின் வாயில் வைத்து எழுதினால் அச்சுப்பிழையாகவே படும். எலி சரியாகச் சொல்லி, ஆலிஸ் தவறாகக் கேட்பதாக அமைத்தால்தான் வாசகர் விளையாட்டைப் பிடித்துக்கொள்வார்.

அச்சுப்பிழை என்ற ஆபத்து தமிழில் ஆங்கிலத்தைவிட அதிகம். ஆங்கிலத்தில் ஒரே ஒலியை இரண்டு விதமாக எழுதும் சொற்கள் ஏராளம். எழுத்து வேறாக இருப்பதே சிலேடையைக் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது. தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒட்டிச் செல்வதால் அத்தகைய இணைகள் குறைவு. இருப்பவையும் லகர ளகர ழகர வேறுபாட்டிலோ, றகர ரகர வேறுபாட்டிலோ அமைகின்றன. மேடையில் அவை ஒலிக்கும், ஏனென்றால் பேச்சில் பலர் அந்த வேறுபாடுகளைக் காட்டுவதில்லை. அச்சில் அவை எழுதியவருக்கு எழுத்து தெரியவில்லை என்ற எண்ணத்தைத் தரும்.

அதே காட்சியில் இன்னொரு சிலேடை அடுத்தே வருகிறது. ஐந்தாம் வளைவுக்கு வந்துவிட்டீர்கள், இல்லையா என்று ஆலிஸ் கேட்க, இல்லை என்று எலி கோபமாகக் கத்துகிறது. ஆங்கிலத்தில் 'இல்லை' என்பதற்கான சொல் முடிச்சு என்பதற்கான சொல்லோடு ஒலியில் ஒன்று. உடனே ஆலிஸ் முடிச்சை அவிழ்த்துத் தர முன்வருகிறாள். இங்கே கட்டுண்ட பொருள் முடிச்சு, வால் நெளிவதால். தமிழ் இதற்கு எதிர்பாராத உதவி செய்கிறது. 'ஐந்தாம் வளைவோடு முடிஞ்சுதா?' என்று ஆலிஸ் கேட்கட்டும். 'முடிச்சாச்சுன்னு யார் சொன்னது!' என்று எலி சீறட்டும். 'முடிச்சா! எங்கே காட்டுங்க, நான் அவிழ்த்து விடுறேன்' என்று அவள் சொல்லிவிடலாம். எழுத்து வழக்கில் இது நடக்காது; 'முடித்தாயிற்று' என்பதில் எந்த முடிச்சும் இல்லை. எனவே இந்த ஒரு சிலேடைக்காக அந்த உரையாடல் முழுவதையும் பேச்சு வழக்கில் எழுத வேண்டியிருக்கும். ஒரு வரியை மட்டும் பேச்சுத் தமிழில் வைத்துச் சுற்றியிருப்பவற்றைச் செந்தமிழில் விட்டால், வாசகர் சிலேடை வருவதற்கு முன்பே அதை எதிர்பார்த்துவிடுவார். குழந்தைகள் நூலில் உரையாடல்கள் பேச்சு வழக்கில் இருப்பது நல்லதே என்பதால் நான் தயங்கமாட்டேன்; மெர்க்யூஷியோவை அப்படி மாற்றச் சொன்னால் தயங்குவேன்.

இதுவரை பார்த்தவை ஒரு சொல்லை அப்படியே இரு பொருளில் ஆளுபவையும், ஒலி மயக்கமும். தமிழுக்கு இன்னொரு வளம் உண்டு. தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என இரண்டாக வகுக்கிறது. சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவது முன்னது, பிரிக்கும் இடத்தை மாற்றுவதால் பொருள் மாறுவது பின்னது. ஒட்டுகளாலும் புணர்ச்சியாலும் சொற்கள் கட்டப்படும் மொழியில் பின்னது எளிது. ஆலிஸ் கதையிலேயே போலி ஆமை தன் பள்ளி ஆசிரியரைப் பற்றிச் சொல்கிறது: அவர் கடலாமை, ஆனால் நிலத்து ஆமையின் பெயரால் அழைத்தோம், ஏனென்றால் அந்தப் பெயரின் ஆங்கில ஒலி 'எங்களுக்குக் கற்பித்தார்' என்பதுபோல இருக்கிறது. தமிழில் ஒலி ஒப்புமையைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. பிரிமொழியைத் தேடினால் 'ஆமை' எங்கும் கிடக்கிறது. 'எங்கள் ஆசிரியர் ஒரு கடலாமை. நாங்கள் அவரைக் கல்லாமை என்போம்.' 'ஏன், கல்லால் ஆனவரா?' 'கல்லாமையோடுதானே எல்லாரும் பள்ளிக்கு வருகிறோம்!' கற்பித்தார் என்ற பொருள் நேராக இல்லை. கல்வி என்ற களம் இருக்கிறது, ஆமை இருக்கிறது, காரணம் சொல்வதுபோல அபத்தம் சொல்லும் அந்தக் குரலும் இருக்கிறது. கட்டுண்டவை இந்த மூன்றுமே.

புதிய சிலேடை தேறியதா என்பதை அறிய, மூலத்தை வாசிக்காத ஒருவரிடம் காட்சியைப் படித்துக் காட்டினால் போதும். சிரிக்கிறாரா என்று பார்ப்பதைவிட, 'இந்தச் சொல் ஏன் இங்கே வருகிறது?' என்று கேட்கிறாரா என்று பார்க்க வேண்டும். சிலேடையைக் கவனிக்காதவருக்கும் வாக்கியம் மேற்பொருளில் ஒழுங்காக நிற்க வேண்டும். 'அடக்கமான மனிதனாக இருப்பேன்' அப்படி நிற்கிறது. நிற்காத சிலேடை எவ்வளவு சாமர்த்தியமானதாக இருந்தாலும் அதை விட்டு மூன்றாவது வழிக்குத் திரும்புவது நல்லது.

திரைப்படத்தின் துணைவரிகளுக்கு மட்டும் இந்த வரிசை சற்று மாறும். அங்கே பார்வையாளர் ஆங்கில ஒலியையும் கேட்டுக்கொண்டே தமிழைப் படிக்கிறார், அவர்களில் பலருக்கு இரண்டும் தெரியும். மெர்க்யூஷியோவின் வாயில் 'கிரேவ்' ஒலிக்க, திரையில் 'அடக்கமான மனிதன்' என்று வந்தால் இரண்டு பொருளும் இரண்டு மொழியிலும் பொருந்திவிடுகின்றன. மாற்றம் என்றே தோன்றாது. ஆமை ஆசிரியரின் வரியில் காதுக்கும் கண்ணுக்கும் இடையே இடைவெளி தெரியும், ஆங்கிலம் அறிந்தவர் அதைக் கவனிப்பார். அப்போதும் நான் கல்லாமையையே எழுதுவேன். ஆங்கிலம் அறிந்தவருக்கு மூலச் சிலேடை காதிலேயே கிடைத்துவிட்டது, அறியாத குழந்தைக்குக் கிடைக்கப்போவது இந்த ஒரு வரிதான்.